தாமதமா, தடையா? சைட் அறிக்கையின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டை, சைட் இன்ஜினியர்:

வணக்கம். சைட்டில் அன்றாடம் எழுதும் டி.பி.ஆர். படிவத்தைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரியும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், அதற்காகத்தான். செய்த வேலை, வந்த ஆள், வந்த சரக்கு, இருப்பு வரைக்கும் தொந்தரவில்லை. கடைசியில் 'டிலே' என்ற கட்டம். அதற்குத் 'தாமதம்' என்று போட்டேன்.

நேற்று அஸ்திவாரக் கான்கிரீட் காலை 8 மணிக்குத் தொடங்கவேண்டியது. ஜல்லி லாரி 12 மணிக்குத்தான் வந்தது. இதற்கு நடுவில் 10 மணிக்குப் பிடித்த மழை 1 மணிக்கு விட்டது. பையன் 'ஜல்லி 4 மணி நேரம், மழை 3 மணி நேரம், மொத்தத் தாமதம் 7' என்று எழுதிவிட்டான். சொல்தான் அவனை அப்படி எழுதவைத்தது என்று நினைக்கிறேன். வேறு சொல் இருக்கிறதா?

தென்காசி, ஆசிரியர்:

டி.பி.ஆருக்கு 'விரிவான திட்ட அறிக்கை' என்ற சொல் செய்தித்தாள்களிலேயே நிலைத்துவிட்டதே. அதையே வைக்கலாம்.

வள்ளியூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஐயா, அது வேலை தொடங்குமுன் மதிப்பீட்டோடு போடுகிற அறிக்கை. இவர் கேட்பது வேலை நடக்கும்போது சாயங்காலம் எழுதுவது. சுருக்கெழுத்து ஒன்று, சரக்கு வேறு.

தம்பி, தாமதம் என்பதை அந்தப் படிவத்தில் எழுதவே முடியாது. வேலை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பிறகு கணக்கிடுவது அது. அஸ்திவாரம் நின்றால் அதன் மேல் வரும் எல்லாம் நிற்கும். காம்பவுண்டு சுவர் ஒரு நாள் நின்றால் முடிக்கும் தேதி பெரும்பாலும் அசையாது. சாயங்காலம் சைட்டில் தெரிவது எது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வேலையை நிறுத்தியது என்பது மட்டுமே. அது தடை. அரசு வேலைகளில் இதற்கென்றே தனிப் பதிவேடு உண்டு. ஒப்பந்தக்காரர் காலநீட்டிப்பு கேட்கும்போது அதைத்தான் புரட்டுவார்கள்.

உங்கள் கணக்கில் இரண்டு பிழை. 10 முதல் 12 வரை இரண்டு தடையும் ஒன்றாக இருந்திருக்கிறது, அதை இருமுறை கூட்டியிருக்கிறான். அடுத்தது, மழை விட்டதும் தடை விட்டதா? குழியில் தண்ணீர் நிற்குமே.

பாளையங்கோட்டை:

நின்றது அண்ணாச்சி. மோட்டார் வைத்து இறைத்து, அடியில் இளகின சேற்றை வழித்தெடுக்க 2.30 ஆனது. அப்படியானால் 8 முதல் 2.30 வரை ஆறரை மணி நேரம்.

வள்ளியூர்:

1 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம். அதைக் கழியுங்கள். ஐந்தரை.

அம்பாசமுத்திரம், சிறு ஒப்பந்தக்காரர்:

மணிக்கணக்கு இருக்கட்டும், ஆள் கணக்கை எங்கே எழுதுவீர்கள்? என் சைட்டில் ஒருநாள் கான்கிரீட் நின்றது. 'ஆள் 14' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதில் 6 பேர் உள்ளே பூச்சு வேலைக்குப் போனவர்கள், 8 பேர் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தவர்கள். பிறகு பார்த்தவர், 14 பேருக்கு இவ்வளவுதான் வேலையா என்று கேட்டார். எல்லாருக்கும் கூலி கொடுத்தது நான்.

தென்காசி:

சரி, இப்போது புரிந்தது. வேலையில்லாமல் இருந்த ஆளுக்கு 'வெற்றாள்' என்று ஒரு சொல் கட்டலாமே? சுருக்கமாக இருக்கும்.

அம்பாசமுத்திரம்:

கொத்தனாரிடம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிப் பாருங்கள், தெரியும்.

வள்ளியூர்:

'காத்திருந்த ஆள்' போதும். ஜல்லி வராததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் 8 பேரைப்போல இவர் சைட்டிலும் 8 பேர் ஐந்தரை மணி நேரம் காத்திருந்தார்கள் என்று வைத்தால் 44 ஆள்மணி. வேறு வேலைக்கு மாற்றியவர்களை அந்த வேலைக்கு நேரே எழுதவேண்டும். இல்லையென்றால் பூச்சு வேலை ஆள் இல்லாமல் நடந்ததுபோல இருக்கும்.

பாளையங்கோட்டை:

'தாமதம்' கட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது 'வேலைத்தடை'. அதன் கீழே காரணம், தொடங்கிய மணி, நீங்கிய மணி, நின்ற வேலை, காத்திருந்த ஆள். மொத்தத்தை நிரப்பும் இடமே வைக்கவில்லை. மணிகள் இருந்தால் கூட்டுவது அலுவலகத்தில் நடக்கட்டும்.

ஒன்று மட்டும் மிச்சம். 10 முதல் 12 வரை மழையும் உண்டு, ஜல்லியும் இல்லை. ஜல்லி ஒப்பந்தக்காரர் பொறுப்பு, மழை யார் பொறுப்பும் இல்லை. அந்த 2 மணி நேரம் யார் கணக்கு?

அம்பாசமுத்திரம்:

மழை கணக்குதான். ஜல்லி வந்திருந்தாலும் கொட்டியிருக்க முடியாதே.

வள்ளியூர்:

மழை இல்லாவிட்டாலும் கொட்டியிருக்க முடியாது, ஜல்லி இல்லை! அது ஒப்பந்த வாசகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது. படிவத்தில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். லாரி வந்த மணிக்குச் சரக்குச் சீட்டு எண்ணையும் பக்கத்தில் குறிக்கவேண்டும்.