அரியர்: எத்தனை தடவை எழுதலாம், எப்ப வரைக்கும் எழுதலாம்?

செந்தில்: அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன். முதல் செமஸ்டர் கணக்கு (MA3151) அரியர் விழுந்துச்சு. இன்டர்னல் 40-க்கு 12தான். ரெண்டாவது தடவை எழுதினப்போ விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன், 100-க்கு 61. ஆனா ஃபெயில். மூணாவது தடவை பேப்பர் கஷ்டம், 52தான் வந்துச்சு. பாஸ்! இதுல என்ன கணக்குன்னு சீனியர் ஒருத்தர் சொன்னப்புறம்தான் புரிஞ்சது. இப்ப அதே பேப்பர்ல நிக்கிற என் ரூம்மேட்டு "மூணு சான்ஸ்தான், முடிஞ்சு போச்சு"ன்னு உட்கார்ந்திருக்கான்.

பிரகாஷ்: உங்க ரூம்மேட் சொல்றது சரிதான் ப்ரோ. மூணு அட்டெம்ப்ட்னு ரூல் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்லயே சொன்னாங்க.

மல்லிகா அக்கா: பிரகாஷ் தம்பி, மூணுன்னு ஒரு எண் ரூல்ல இருக்கு, ஆனா அது கடைசி வாய்ப்பு இல்ல. நான் ஒரு கல்லூரித் தேர்வுப் பிரிவுல ரொம்ப வருஷம் இருந்தவ. இந்தக் குழப்பத்தோட வராத பேட்ச் கிடையாது.

தியரி பேப்பர்ல பாஸாக ரெண்டு விஷயம் வேணும். எழுத்துத் தேர்வுல 100-க்கு குறைஞ்சது 45 எடுக்கணும், இன்டர்னலும் சேர்த்து மொத்தம் 50 வரணும். 2021 ரெகுலேஷன்ல எழுத்துத் தேர்வை 60-க்குச் சுருக்குவாங்க. செந்திலோட 61, 36.6 ஆச்சு. கூட 12 சேர்த்தா 48.6. அதான் ஃபெயில். அந்த இன்டர்னலை வச்சுக்கிட்டு பாஸாக 64 எடுத்திருக்கணும். முதல் தடவை வாங்கின இன்டர்னல்தான் கடைசி வரைக்கும் கூடவே வரும், மாத்த முடியாது.

மூணாவது தடவையிலிருந்து இன்னொரு கதவு திறக்கும். மொத்தம் 50 வரலைன்னாலும், எழுத்துத் தேர்வுல மட்டும் 50 எடுத்திருந்தா பாஸ். அதனாலதான் 52 போதுமா இருந்துச்சு. இன்டர்னல் 30 வச்சிருக்கிற பிள்ளைக்கு இதுல ஒண்ணும் லாபம் இல்ல, அவங்களுக்கு 45 போதும்.

வாய்ப்பைத் தடவைக் கணக்குல எண்ணாதீங்க, செமஸ்டர் கணக்குல எண்ணுங்க. சேர்ந்ததிலிருந்து 14 செமஸ்டர், அதாவது 7 வருஷம். 2021-ல சேர்ந்தவங்களுக்கு 2028 ஏப்ரல்-மே தேர்வு வரைக்கும். முதல் வகுப்பு வேணும்னா மட்டும் 5 வருஷத்துக்குள்ள முடிக்கணும்.

யாஸ்மின்: அக்கா, நான் ஆர்ட்ஸ் காலேஜ், தன்னாட்சி. எனக்கும் 7 வருஷமா?

மல்லிகா அக்கா: இல்லம்மா, உங்க காலேஜ் ரெகுலேஷன் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான். நான் சொன்னதை அங்க போய்ச் சொல்லிடாதே, சண்டையாயிடும்.

கோபி: என் கதை வேற. படிப்பு முடிச்சு வேலைக்குப் போயிட்டேன். அரியர் இருந்தா பேர் தானா ஏறிடும்னு ஒரு நண்பன் சொன்னான். ஏறாது. ஒவ்வொரு தேர்வுக்கும் காலேஜ்ல போய் விண்ணப்பம் கொடுத்து, பேப்பர் கணக்குல ஃபீஸ் கட்டணும். அறிவிப்பு காலேஜுக்குத்தான் வரும், வெளிய போனவனை யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு தடவை ஃபீஸ் கட்டிட்டேன், ஆனா ஹால் டிக்கெட்ல ஒரு பேப்பர் இல்ல. ஆபீஸ்ல ஏத்தும்போது விட்டுட்டாங்க. நல்லவேளை முன்னாடியே பார்த்ததால சேர்த்துக் கொடுத்தாங்க.

மல்லிகா அக்கா: ஹால் டிக்கெட் வந்ததும் பாடப் பேரைப் பார்க்காதீங்க, பேப்பர் கோட் நம்பரைப் பாருங்க. MA6151 2013 ரெகுலேஷன், MA8151 2017, MA3151 2021. மூணும் முதல் செமஸ்டர் கணக்குதான், சிலபஸ் வேற. ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

பிரகாஷ்: 7 வருஷம் தாண்டினாலும் ஸ்பெஷல் அரியர் வைப்பாங்களே? எங்க மாமா அப்படித்தான் முடிச்சார்.

மல்லிகா அக்கா: வச்சாங்க. 2021 நவம்பர்-டிசம்பர்ல, 2001-02-லிருந்து சேர்ந்தவங்களுக்கெல்லாம் கொடுத்தாங்க, வழக்கமான ஃபீஸுக்கு மேல 5,000 ரூபாய். ஆனா அது அவங்களாப் பார்த்துக் கொடுக்கிறது. அதை நம்பி ஒரு தேர்வைக்கூட விடக் கூடாது.

செந்தில்: ரூம்மேட் கேக்கறான்: ஃபீஸ் கட்டிட்டு தேர்வுக்குப் போகலைன்னா, அது ஒரு அட்டெம்ப்ட்டா? அவன் ஒரு தடவை காய்ச்சல்ல போகல.

கோபி: எனக்கு அதை எண்ணினாங்க.

யாஸ்மின்: எங்க அண்ணனுக்கு எண்ணலையே. அவரும் அதே பல்கலைதான்.

மல்லிகா அக்கா: காலேஜ்ல எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்துல வாங்கச் சொல்லு. அது வர்ற வரைக்கும் இன்னும் மூணாவது ஆகலைன்னே வச்சுக்கிட்டுப் படிக்கட்டும். அவன் இன்டர்னல் எவ்வளவு?

செந்தில்: 18.

மல்லிகா அக்கா: அப்போ 54 எடுத்தா போதும், எந்தக் கணக்குல பார்த்தாலும் தாண்டிடுவான்.

பிரகாஷ்: அக்கா, நான் டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷம் சேர்ந்தவன். எனக்கும் 14-ஆ?

மல்லிகா அக்கா: உனக்கு 12, தம்பி.