தை கிரகப்பிரவேசத்துக்கு வீடு முடியாது: வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது?

சைட்டுப்பையன்:
திருச்சி பக்கம் கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு தனி வீடு, ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஜனவரி 20ல் ஒப்படைப்பதாகப் பேச்சு, 28ல் கிரகப்பிரவேசம் குறித்துவிட்டார். மாடி ரூஃப் கான்கிரீட் அக்டோபர் 20ல் போட வேண்டியது, நவம்பர் 17ல்தான் போட முடிந்தது. இன்று நவம்பர் 26. முழு வீடும் 28க்குள் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு இன்னும் தெரியாது.

நான் எழுதி வைத்திருக்கும் மெசேஜ் இது:

"வணக்கம் சார். சில எதிர்பாராத காரணங்களால் வேலை சற்றுத் தாமதம் ஆகிறது. கூடுதல் ஆட்களைப் போட்டு விரைவில் முடித்துவிடுகிறோம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அனுப்பலாமா?

நூல்குண்டு:
அனுப்பாதீங்க தம்பி. இதைப் படித்ததும் அவர் கேட்கப்போவது மூன்றே கேள்வி: எத்தனை நாள் லேட், ஏன், 28ஆம் தேதி நடக்குமா நடக்காதா? உங்க மெசேஜில் மூன்றுக்குமே பதில் இல்லை. அவர் உடனே போன் போடுவார், நீங்க யோசிக்காமல் ஒரு தேதி சொல்லிவிடுவீங்க. பிறகு அந்தத் தேதிதான் உங்களைக் கட்டிப்போடும்.

இன்னொன்றையும் மனசில் வையுங்க. தை தவறினால் பல குடும்பங்களில் மாசி, பங்குனியில் புதுமனை புக மாட்டாங்க, சித்திரைக்குத்தான் போகும். உங்க கணக்கில் நாலு வார தாமதம், அவர் கணக்கில் கிட்டத்தட்ட மூணு மாசம். அதனால் "நாலு வாரம்தானே" என்ற தொனியே வரக்கூடாது.

முதலில் சைட்டில் இன்றைக்கு எது முடிந்திருக்கு, எது முடியலைன்னு எழுதுங்க. ரூஃப் தள்ளிப்போன 28 நாள் எங்கே போச்சுன்னும் பிரித்துப் போடுங்க.

கோபுரம்_கன்ஸ்ட்ரக்‌ஷன்:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு ப்ரோ? ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்யும்னு யாருக்குத் தெரியாது, மழைன்னு போடுங்க, கேள்வியே வராது. ரூஃபுக்குக் கீழே கொடுத்திருக்கிற முட்டுகளை 7 நாளில் பிரிச்சிடலாம், ஐ.எஸ். கோடிலேயே இருக்கு. பிரிச்சிட்டு மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு செட் கொத்தனாரை இறக்குனா ஜனவரி 25ல் மொத்த வீடும் கைக்கு வந்துடும்.

நூல்குண்டு:
கோபுரம், நீங்க சொல்வதில் பாதி சரி. ஐ.எஸ். 456ல் 7 நாள் என்பது 4.5 மீட்டருக்குள் இருக்கும் தளத்தின் அடிமுட்டுக்கு. பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14 நாள், அதற்கு மேல் போனால் 21. அதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கு. இப்போது பெரும்பாலும் பி.பி.சி.தான் போடுறாங்க. அது மெதுவாக இறுகும், அதற்குத் தகுந்த மாதிரி கூட்டணும். முட்டுகளை முன்னாடியே எடுத்து பீம் கொஞ்சம் தொய்ந்தாலும் அதைத் திரும்ப நிமிர்த்த முடியாது. நாள் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மழை விஷயம்: திருச்சியில் எந்த நாள் மழை பெய்ததுன்னு அவர் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே பார்த்துக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். 28 நாளையும் மழை தலையில் கட்டினால் உண்மையான மழை நாளையும் நம்ப மாட்டார்.

சைட்டுப்பையன்:
விவரம் தருகிறேன் சார். மழையால் வேலை நின்றது 11 நாள். கம்பி கட்டும் ஆட்கள் எங்களுடைய இன்னொரு சைட்டுக்குப் போய்த் திரும்ப 12 நாள். மாடி பாத்ரூமை வீட்டுக்காரர் இடம் மாற்றச் சொன்னதால் டிராயிங் திருத்த 5 நாள்.

கீழ்த்தளம் உள்பூச்சு பாதி முடிந்திருக்கிறது, எலெக்ட்ரிக் பைப் பதித்தாயிற்று. மாடியில் செங்கல் கட்டு முடிந்து ரூஃப் முட்டில் நிற்கிறது. ஹால் பீம் 5.5 மீட்டர், பி.பி.சி.தான், அதனால் 21 நாள், அதாவது டிசம்பர் 8 வரை முட்டுகளைத் தொட மாட்டோம்.

வீட்டுக்காரன்_துபாய்:
என் வீடும் அஞ்சு மாசம் லேட். ரெராவில் புகார் கொடுத்தால் அபராதம் வாங்க முடியுமா?

நூல்குண்டு:
சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா வராது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையம் பக்கம் பாருங்க. அதைத் தனி இழையாகப் போடுங்க, இங்கே கலக்க வேண்டாம்.

சைட்டுப்பையன், உங்களுக்கு ஒரு வழி இருக்கு. ரூஃப் முட்டு மாடித் தளத்தில்தான் நிற்குது, கீழ்த்தளம் காலி. டிசம்பர் 8க்குக் காத்திருக்காமல் கிடைக்கிற ஆளை எல்லாம் இப்போதே கீழே இறக்குங்க. 28ஆம் தேதிக்கு அவருக்கு உண்மையில் தேவை நிலைவாசல், பூஜை அறை, பால் காய்ச்ச சமையலறை, உட்கார ஹால், வேலை செய்கிற ஒரு பாத்ரூம், கைப்பிடியோடு படிக்கட்டு. அதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்க. மாடிக்குத் தனித் தேதி கொடுங்க.

கீழ்த்தளத்துக்கு நாள் போட்டுக் காட்டுங்க, பார்க்கிறேன்.

சைட்டுப்பையன்:
இரண்டு செட் கொத்தனார் வைத்தால் பூச்சு டிசம்பர் 4ல் முடியும். 7 நாள் தண்ணீர் விட்டு 11. டைல்ஸ் 12 முதல் 26. பட்டியும் பிரைமரும் ஜனவரி 8 வரை. பெயின்ட் 2 கோட் 18 வரை. கதவு, சுவிட்ச், குழாய் 24 வரை. மூன்று நாள் கையில் மிச்சம் இருக்கிறது.

மேஸ்திரிவீடு:
அண்ணே, பொங்கலை மறந்துட்டீங்களே! போகிக்கு முந்தின நாளே ஆளுங்க ஊருக்குக் கிளம்பிடுவாங்க. ஜனவரி 13லிருந்து 19 வரைக்கும் சைட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பான். முன்பணம் கொடுத்து வெச்சாலும் சரி, இதுதான் நிலவரம். உங்க பெயின்ட் 2 கோட்டும் சரியா அந்த வாரத்துலதான் விழுது.

டைல்ஸ் 15 நாள்ல பாத்ரூமும் சேர்த்தியா? வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சு, தண்ணி கட்டி ரெண்டு நாளாவது நிறுத்திப் பார்க்காம டைல்ஸ் ஒட்டினா, ஒழுகுறப்போ மொத்தத்தையும் உடைக்கணும்.

நூல்குண்டு:
மேஸ்திரிவீடு சொன்னது சரியான இடம். மீட்புத் திட்டம் இரண்டாவது முறை கவிழ்வது இப்படித்தான். முதல் தாமதத்தை மன்னிக்கிறவர்கூட இரண்டாவதை மன்னிக்க மாட்டார்.

ஆனால் இதற்குத் தீர்வு பெயின்ட் ஆளைக் கூட்டுவது இல்லை. டிசம்பர் ஈரத்தில் பூசின சுவர் ஜனவரிக்குள் முழுசாகக் காயாது. அவசரப்பட்டு பட்டி, 2 கோட் எல்லாம் ஏற்றினால் உள்ளே சிக்கின ஈரம் வெளியே வரும்போது கொப்பளித்து உரியும். 28க்கு பிரைமரும் ஒரு கோட்டும் போதும். கடைசிக் கோட்டை மார்ச்சில் அடிப்பதாக எழுதுங்க. அப்போது பொங்கலுக்கு முன்னாடி, 12ஆம் தேதியோடு பெயின்ட் வேலை நின்றுவிடும். 20 முதல் 25 வரை பொருத்துற வேலை மட்டும்தான். இரண்டு நாள் மிச்சம். குறைவுதான், ஆனால் நிஜமான இரண்டு நாள்.

பாத்ரூமை ஹாலோடு சேர்க்காதீங்க. அதன் பூச்சை முதலில் முடித்துவிட்டு, ஹாலில் டைல்ஸ் ஒட்டும்போதே தண்ணி கட்டி சோதனை நடக்கட்டும்.

இந்த மாதிரி எழுதிப் பாருங்க:

"வணக்கம் சார். ஜனவரி 20ல் முழு வீட்டையும் ஒப்படைக்க எங்களால் முடியாது. ஜனவரி 28 கிரகப்பிரவேசத்தைக் கீழ்த்தளத்தில் நடத்தலாம். மாடி பிப்ரவரி 22ல் முடியும்.

மாடி ரூஃப் 28 நாள் தள்ளிப்போனது. மழையால் 11 நாள். கம்பி ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பியதால் 12 நாள், இது முழுக்க எங்கள் பொறுப்பு. மாடி பாத்ரூம் மாற்றத்துக்கு டிராயிங் திருத்த 5 நாள்.

28ஆம் தேதி தயாராக இருப்பவை: நிலைவாசல், ஹால், பூஜை அறை, சமையலறை, கீழ் பாத்ரூம், படிக்கட்டு. சுவரில் பிரைமரும் ஒரு கோட் பெயின்ட்டும் இருக்கும். சுவர் காய்ந்த பிறகு மார்ச்சில் கடைசிக் கோட். மாடி அறைகளும் வெளிப்பூச்சும் அன்று முடிந்திருக்காது.

நாளை முதல் கீழ்த்தளத்தில் இரண்டாவது செட் கொத்தனார் வேலை செய்வார்கள். அந்தச் செலவு எங்களுடையது. டிசம்பர் 4ல் பூச்சும் 26ல் டைல்ஸும் முடிய வேண்டும். இரண்டு நாளும் மாலையில் போட்டோ அனுப்புவேன். 26ல் டைல்ஸ் முடியாவிட்டால் 28ஆம் தேதி ஆபத்தில் இருக்கிறது என்று அன்றே சொல்லிவிடுவேன்.

உங்களிடம் ஒரு முடிவு வேண்டும்: இப்படி நடத்தச் சம்மதமா, சித்திரைக்கு மாற்ற விருப்பமா? நவம்பர் 30க்குள் சொன்னால் ஆட்களை அதற்கேற்பப் பிரித்துக்கொள்வோம்."

ரூஃப் முடிந்ததற்கான பில் பாக்கி இருந்தால் அதை இதோடு சேர்க்காதீங்க. பணம் கேட்பதற்காக எழுதினதுபோல ஆகிவிடும்.

கோபுரம்_கன்ஸ்ட்ரக்‌ஷன்:
"முழுக்க எங்கள் பொறுப்பு"ன்னு எழுத்துல கொடுக்கறதா? நாளைக்கு பில்லில் பிடிச்சா யார் கொடுப்பா? ஒப்பந்தத்துல தாமதத்துக்குப் பிடித்தம் இருக்கான்னு முதல்ல பார்த்துட்டு அந்த வரியை எழுதச் சொல்லுங்க.

நூல்குண்டு:
ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்வது நியாயம்தான். பிடித்தம் இருந்தால் முதலாளியிடம் காட்டாமல் அனுப்பக்கூடாது. அதற்காக அந்த வரியையே எடுத்துவிட்டால், பாத்ரூம் மாற்றத்தின் 5 நாள் மட்டும் அவர்மேல் பழி போடுகிற மாதிரி நிற்கும்.

கடல்தாண்டி:
வெளியூரில் இருப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று. டிசம்பர் 26ல் "ஆபத்து" என்றால் எங்களுக்கு ரொம்பத் தாமதம். அதற்குள் டிக்கெட் போட்டு, பத்திரிகையும் அடித்திருப்போம். பூச்சுக்குத் தண்ணீர் விட்டு முடியும் டிசம்பர் 11ஐயே முதல் முடிவு நாளாக வையுங்கள்.

நூல்குண்டு:
11ல் டைல்ஸே தொடங்கியிருக்காதே, அன்றைக்கு எதை வைத்து உறுதி சொல்வது? பூச்சு தள்ளிப்போச்சா இல்லையா என்பது மட்டும் தெரியும். அதையாவது சொல்லலாம், சரி. ரத்து செய்யக்கூடிய டிக்கெட் கிடைக்குமா என்று அவர்தான் பார்க்கணும்.

சைட்டுப்பையன்:
முதலாளியிடம் காட்டிவிட்டு, 11ஐயும் சேர்த்து நேற்று இரவு அனுப்பினேன். அவர் பதில்: "28லேயே வைத்துக்கொள்வோம். உறவுக்காரர்கள் மாடியில் தங்குவார்கள், மாடி பாத்ரூம் ஒன்றை மட்டும் முடித்துத் தர முடியுமா?" சரி என்று சொல்லிவிடவா?

மேஸ்திரிவீடு:
டைல்ஸ் ஒட்ட எத்தனை பேர் வெச்சிருக்கீங்க? ஒரே ஆள்னா சொல்லாதீங்க. முட்டு பிரிச்சு, பூசி, தண்ணி விட்டு, வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சு சோதிச்சு முடிக்கவே டிசம்பர் 27 ஆயிடும். அதுக்கப்புறம் டைல்ஸ். கீழ் வேலை ரெண்டு நாள் இழுத்தாலும் ரெண்டும் மோதும், பொங்கலுக்கு முன்னாடி எதுவும் முடியாது. ரெண்டாவது டைல்ஸ் ஆள் கைக்கு வந்த பிறகு பதில் போடுங்க. அதுவரைக்கும் "நாளைக்குச் சொல்றேன் சார்"னு மட்டும் போடுங்க.