சுவர் வெள்ளையா, சந்தன நிறமா?

கதிர்: முற்றத்துப் படம் ஒன்றில் வேறிடத்தில் எடுத்த ஆளை ஒட்டப்போகிறேன். அந்தப் பின்னணிப் படத்தின் கோப்பில், ஒளியின் நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலை 5200 கெல்வின் என்று பதிவாகியிருக்கிறது. ஒட்டப்போகும் ஆளின் ரா கோப்பிலும் 5200 வைத்தால் நிறம் பொருந்திவிடும். சுவரையும் நிழலையும் அளப்பது வீண் வேலை.

ஒளிவேலன்: இந்த யோசனையைக் கேட்டுப் பாழான படங்கள் போதும். 5200 என்பது கேமரா எடுத்துக்கொண்ட கணக்கு. அங்கே விழுந்த ஒளி அது அல்ல. உங்கள் முற்றம் மாலை வெயிலில் எடுத்தது, ஆள் ஸ்டூடியோ ஃபிளாஷில் எடுத்தவர். இரண்டுக்கும் 5200 வைத்தால் முற்றம் மஞ்சளாகவும் முகம் வெளிறியும் நிற்கும். படத்தின் வலப்பக்கச் சுவரில் வெயில் படும் இடத்தின் நிறத்தை மென்பொருளில் அளந்து பார்த்தேன்: சிவப்பு 236, பச்சை 214, நீலம் 178. வெயில் மஞ்சள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கதிர்: அந்தச் சுவர் வெள்ளையே இல்லை, சந்தன நிறம். அளவெல்லாம் பொய்.

ஒளிவேலன்: அதே சுவரில் தூணின் நிழல் விழுந்த இடம் 96, 104, 122. பூச்சு ஒன்றுதான். வெயிலில் சிவப்பு மேலோங்குகிறது, நிழலில் நீலம் மேலோங்குகிறது. சந்தனப் பூச்சாக இருந்தாலும் அது இரண்டு இடத்தையும் ஒரேபோல மஞ்சளாக்கும், இரண்டுக்கும் உள்ள நிற இடைவெளி அப்படியே இருக்கும். அந்த இடைவெளியைத்தான் ஆளின் முகத்தில் கொண்டுவர வேண்டும். வெயில் பக்கம் மஞ்சள் சாயல், நிழல் பக்கம் வானத்தின் நீலச் சாயல்.

பரணி: நான் ஒட்டிய ஆளின் கால் தரையில் பதியாமல் மிதக்கிறது. அதற்கும் கெல்வினைத்தான் மாற்ற வேண்டுமா?

ஒளிவேலன்: இல்லை. பாதத்தை ஒட்டிய நிழல் இல்லாததால்தான் மிதக்கிறது. பாதம் தரையைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய, அடர்ந்த நிழலை வரையுங்கள். தள்ளிப் போகப் போக விளிம்பு மங்கட்டும்.

மீனா: தரையில் இரண்டு தூண்களின் நிழலும் வெவ்வேறு திசையில் விரிகின்றன. அங்கே இரண்டு ஒளிமூலங்கள் இருக்கின்றன. இதை யாருமே கவனிக்கவில்லை.

ஒளிவேலன்: நிழல்கள் விரிவது உண்மை. இரண்டாவது ஒளிமூலம் மட்டும் இல்லை. இரண்டு நிழல்களின் கோடுகளையும் பின்னோக்கி நீட்டுங்கள். தொடுவானத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கும், சூரியன் அதற்கு நேர் மேலே. நேரில் இணையாக ஓடும் நிழல்கள் படத்தில் விரிவது பார்வைக்கோணத்தால். சூரியன் நமக்கு எதிரே, இடது ஓரமாக இருக்கிறது. ஆகவே படத்தில் இடப்பக்கம் தெரியும் தோளிலும் முடி ஓரத்திலும்தான் வெயில் விழ வேண்டும். கதிர் தேர்ந்தெடுத்த ஆளுக்கு மூக்கின் நிழல் படத்தின் இடப்புறம் விழுகிறது, அதாவது ஒளி வலப்புறம் முன்னிருந்து வந்தது. கெல்வினை எவ்வளவு திருப்பினாலும் இது சேராது, வேறு படம் எடுங்கள்.

மீனா: போன விவாதத்திலும் இப்படித்தான் என்னை எல்லார் முன்னும் மட்டம் தட்டினீர்கள். இரண்டு புள்ளிகளில் சந்தித்தால்?

ஒளிவேலன்: கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தால் சற்று விலகும்.

கதிர்: ஆளையும் அதே வெயிலில் எடுத்திருந்தால் 5200 போதும்தானே?

ஒளிவேலன்: போதும். ஆனால் நீங்கள் அப்படி எடுக்கவில்லையே!

கதிர்: சுவர் சந்தன நிறம்தான். அதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.