ஒலிக்குறியீடு என்பதற்கு மாற்றுச் சொல்: கூரிய ஒலி, உருண்டை ஒலி குறித்து

நிலாமதி எழுதியது:

அன்பர்களே, உளவியல் சொல்தொகுதியில் 'சவுண்ட் சிம்பாலிசம்' என்னும் பதிவுக்கு ஒரு தமிழ்ச்சொல் முடிவாக வேண்டியிருக்கிறது. கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உருவத்தையும் வளைந்து நெளிந்த ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் எதன் பெயர் 'டக்கேட்டே', எதன் பெயர் 'மலூமா' என்று கேட்டால், பெரும்பாலோர் முன்னதைக் கூரிய உருவத்துக்கும் பின்னதை வளைந்த உருவத்துக்கும் தருகின்றனர். உளவியலாளர் கோலர் 1929இல் தம் நூலில் குறிப்பிட்ட சோதனை இது, 'மலூமா' என்னும் சொல் மட்டும் அதன் 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. இராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் 'பூபா', 'கிக்கி' என்னும் சொற்களைக் கொண்டு இதைப் பரவலாக அறியச் செய்தனர். வரைவில் இதற்கு 'ஒலிக்குறியீடு' என்று இட்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பொன்னம்பலம் எழுதியது:

அம்மா, புதுச்சொல் எதற்கு? 'சலசல', 'கலகல' என்பனவற்றை நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று முன்பே பெயரிட்டு வைத்திருக்கிறது. தமிழில் வல்லினம் கூர்மையையும் மெல்லினம் மென்மையையும் உணர்த்துவது பெயரிலேயே தெரிகிறது. இவர்கள் 1929இல் கண்டதை நம் முன்னோர் எழுத்துகளுக்குப் பெயர் வைக்கும்போதே கண்டுவிட்டனர்.

ஜோசப் எழுதியது:

ஒலிக்குறியீடு பற்றிய விவாதம் என்றதும் மகிழ்ந்தேன். ழகரத்தின் பலுக்கலைக் காட்டப் பன்னாட்டு ஒலிப்பு நெடுங்கணக்கில் எந்தக் குறியீட்டை இடுவது என்பதில் எனக்கு நெடுநாள் ஐயம் உண்டு. ஒலிக்குறியீடுகளின் அட்டவணை ஒன்றை யாரேனும் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.

தமிழரசி எழுதியது:

ஜோசப் ஐயா கேட்டது வேறு பொருள் என்றாலும், வரைவுச் சொல்லின் இடர்ப்பாடு அவர் மடலிலேயே வெளிப்பட்டுவிட்டது. 'ஒலிக்குறியீடு' என்று படிப்பவர் ஒலியைக் குறிக்கும் எழுத்தையோ அடையாளத்தையோதான் நினைப்பார். நமக்கு வேண்டியது ஒலி மற்றொன்றைக் குறிப்பால் உணர்த்துவதற்கான சொல்.

பொன்னம்பலம் ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். ஆனால் இரட்டைக்கிளவி என்பது சொல்லின் அமைப்பைச் சொல்லும் பெயர். 'சலசல' ஓர் ஓசையைப் போலச் செய்கிறது. 'பளபள' என்பதில் எந்த ஓசையும் இல்லை, அது ஒளியைப் பற்றியது. இரண்டும் இரட்டைக்கிளவியே. 'டமார்' என்பதோ இரட்டிக்காமலேயே ஓசையைக் காட்டிவிடுகிறது. ஆகவே அமைப்பின் பெயரைக் கொண்டு இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. தொல்காப்பிய இடையியல் 'என' என்னும் சொல்லின் பொருள்களை அடுக்கும்போது வினை, குறிப்பு, இசை, பண்பு என்று தனித்தனியே பிரிக்கிறது. 'ஒல்லென ஒலித்தது' என்பதில் இசையும், 'வெள்ளென விளர்த்தது' என்பதில் பண்பும் வருகின்றன. ஓசையைப் போலச் செய்வது வேறு, ஓசையற்ற ஒன்றுக்கு ஓசை பொருந்துவது வேறு என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல பற்றுக்கோடு இதுதான். முன்னதற்கு 'ஒலிக்குறிப்புச் சொல்' வழக்கில் நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். பின்னதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

வல்லினம் கூர்மை என்பதை மட்டும் அப்படியே ஏற்க இயலாது. 'முள்' என்னும் சொல்லில் மகரமும் உகரமும் ளகரமும் இருக்கின்றன. சோதனையில் வளைந்த உருவத்துக்குப் போகும் ஒலிகள் அவை. 'குண்டு' என்பதில் ககரமும் டகரமும் இருக்கின்றன. வழக்கிலுள்ள சொற்களில் விதிவிலக்கு ஏராளம். பொருளற்ற புதுச்சொற்களில்தான் இந்தச் சாய்வு தெளிவாகத் தெரியும்.

செந்தில் எழுதியது:

நான் பள்ளி ஆசிரியன். இதைப் படித்ததும் 'கீகீ', 'பூபா' என்று இரண்டு அட்டைகளில் எழுதி, இரண்டு படங்களோடு என் மாணவர் 20 பேரிடம் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன். 12 பேர் எதிர்பார்த்தபடி பொருத்தினர். பாதிக்கு மேல் வந்ததால் கோலர் சொன்னது உறுதியாகிவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். சரிதானே?

தமிழரசி எழுதியது:

செந்தில், குருட்டுத்தனமாகத் தேர்ந்தாலும் 10 பேர் சரியாகப் பொருத்திவிடுவார்கள் என்பதால், 12 என்பது எதையும் காட்டாது. 15 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால், அது தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டளவே என்பதால், அப்போது கவனிக்கலாம்.

அதைவிட முதன்மையானது, நீங்கள் எழுதிக் காட்டியது. படிக்கத் தெரிந்தவர் எழுத்தின் வடிவத்தையும் சேர்த்தே பொருத்துகிறார். ரோமன் எழுத்தில் B வளைந்தும் K முனைகளோடும் இருப்பதால், மேலை நாட்டுச் சோதனைகளில் இந்த ஐயம் நெடுங்காலமாக உண்டு. தமிழில் அது தலைகீழாகிறது: பகரம் நேர்க்கோடுகளால் ஆனது, 'கீ' வளைவும் சுழியும் கொண்டது. உங்கள் மாணவருக்குக் காது ஒரு பக்கமும் கண் மறுபக்கமும் இழுத்திருக்கலாம். எழுத்து வழக்கில்லாத நமீபியாவின் ஹிம்பா மக்களிடமும் வடிவப் பொருத்தம் காணப்பட்டதால், எழுத்து மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. வாயால் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, 'கீகீ' என்று எழுதினால் நாம் இரண்டாவது ககரத்தை மெலித்தே ஒலிக்கிறோம். வெடிப்பு வேண்டுமென்றால் 'கீக்கீ' என்று இரட்டிக்க வேண்டும். மேலும் கீக்கீ, பூபா இரண்டும் மெய்யிலும் வேறு, உயிரிலும் வேறு. எது வேலை செய்கிறது என்று அறிய வழியில்லை. லோமூ, லேமீ, டோக்கூ, டேக்கீ என்னும் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். லோமூவையும் டேக்கீயையும் இணையாகக் கொடுத்தால் விடை எளிது. லேமீயையும் டோக்கூவையும் இணையாகக் கொடுக்கும்போதுதான் சோதனை. உருண்டை லேமீக்குப் போனால் மெய் வென்றது. டோக்கூவுக்குப் போனால் இதழ் குவியும் உயிர் வென்றது. என் கணிப்பு மெய்யின் பக்கம்.

பொன்னம்பலம் எழுதியது:

'லேமீ' என்பதைவிட 'நேமீ' செவிக்கு இனிது அல்லவா?

தமிழரசி எழுதியது:

நேமி என்றால் சக்கரம், ஐயா. உருண்டைக்குத்தான் போகும், ஆனால் ஒலியால் போகாது! 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் நடத்திய ஆய்விலும் இதே சிக்கல் எழுந்தது. மொத்தத்தில் 72 விழுக்காடு எதிர்பார்த்தபடி பொருந்தினாலும், ருமேனியம், துருக்கி, மாண்டரின் மொழிகளில் பொருத்தம் வெளிப்படவில்லை. ருமேனியத்தில் 'பூபா'வை ஒத்த சொல் குழந்தைகளிடம் காயத்தைக் குறிப்பதால் அது குறுக்கிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நேபாளத்தின் சியூபா மொழியிலோ கோலர் வகைச் சொற்களே எடுபடவில்லை. அந்த மொழியின் ஒலியமைப்புக்கு அவை ஒவ்வாதது காரணமாகலாம் என்பது விளக்கம். எனவே இது மாறா விதியன்று. ஒவ்வொரு மொழியின் வாய்ப்பழக்கத்துக்கும் உட்பட்ட ஒரு சாய்வு.

பொன்னம்பலம் எழுதியது:

அப்படியானால் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்னும் உரியியல் நூற்பாவோடு இது முரணவில்லை. காரணம் இல்லை என்று அது சொல்லவில்லை. பளிச்சென்று தெரியாது என்றுதான் சொல்கிறது. வல்லினம் பற்றி நான் சொன்னதை இன்னும் முழுதாகக் கைவிடமாட்டேன். சொல்லுக்கு 'ஒலியியைபு' என்று முன்மொழிகிறேன்.

நிலாமதி எழுதியது:

இயைபு யாப்பில் ஒரு தொடையின் பெயர். அடிகளின் இறுதி ஒத்து ஒலிப்பது என்றே மாணவர் கொள்வர். 'ஒலிச்சாயல்' என்றும் எண்ணிப் பார்த்தேன். அது மீண்டும் ஓசையைப் போலச் செய்வதன் பக்கம் சாய்கிறது. 'ஒலிப்பொருத்தம்' எப்படி? பொருந்துகிறது என்று மட்டும் சொல்லி, காரணத்தைத் திறந்து வைக்கிறது. உருவத்துக்கு 'வடிவ ஒலிப்பொருத்தம்' என்றும், 'மில்' என்பதைவிட 'மல்' பெரிய மேசைக்கு ஏற்றது என்று பலர் தேர்ந்ததாகச் சபீர் 1929இல் எழுதினாரே, அதற்கு 'அளவு ஒலிப்பொருத்தம்' என்றும் விரிக்கலாம்.

தமிழரசி எழுதியது:

எனக்கு உடன்பாடே. 'பளபள' போன்ற சொற்களுக்கு 'ஒலிப்பொருத்தச் சொல்' என்று வைப்பதில் மட்டும் தயக்கம் இருக்கிறது. அது ஒளிக்கு உண்மையிலேயே பொருந்துகிறதா, பழகியதால் பொருந்துவதாகத் தோன்றுகிறதா என்பதைத் தமிழறியாதவரிடம் கேட்டுப் பார்க்காமல் அந்தப் பெயரைத் தர முடியாது. அந்தப் பதிவை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

செந்தில் எழுதியது:

நாளை அட்டைகள் இல்லாமல், வாயால் சொல்லியே கேட்கிறேன். படங்களின் இடவலத்தையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டுமா?

தமிழரசி எழுதியது:

கட்டாயம். சொற்களைச் சொல்லும் வரிசையையும் மாற்றுங்கள். ஒரு மாணவர் விடையை மற்றவர் கேட்காதவாறு தனித்தனியே அழையுங்கள்.