ஒரே தாளில் மூன்று ஒதுக்கீடு: வாராக்கடனுக்கு வேறு சொல் உண்டா?

செல்வி எழுதியது:

வணக்கம். எனக்கு ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரமாக. எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பேரவைக் கூட்டம் அடுத்த மாதம். உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உத்தேச வரவு செலவுத் தாளை நான்தான் தயார் செய்கிறேன்.

போன வருடத் தாளில் 'ஒதுக்கீடு' மூன்று இடத்தில் வந்தது. மேலே 'எழுதுபொருள், அச்சு ஒதுக்கீடு ரூ. 40,000'. நடுவில் 'வாராக்கடன் ஒதுக்கீடு ரூ. 1,50,000'. கடைசியில் 'லாபத்தில் கல்வி நிதிக்கு ஒதுக்கீடு'. செயலாளர் வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

"கடனைக் கட்டாதவனுக்கு ஒண்ணரை லட்சம் ஒதுக்குறீங்க. முப்பது வருசமா தவணை தப்பாம கட்டுற எனக்கு என்னய்யா ஒதுக்குறீங்க?"

பந்தலே கைதட்டியது. செயலாளர் பத்து நிமிடம் விளக்கினார், ஒருவர் காதிலும் ஏறவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அச்சுக்கு நாற்பதாயிரம் ஒதுக்கினால் அது அச்சகத்துக்குப் போகிறது என்றால், வாராக்கடனுக்கு ஒதுக்கியது வாராக்கடன்காரருக்குத்தானே போக வேண்டும்?

நடுவில் உள்ள அந்த ஒன்றுக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். கேட்டவுடன் 'யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள்' என்று தோன்றக் கூடாது.

முகிலன் எழுதியது:

இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே, 'காப்பு நிதி'. நட்டம் வந்தால் காப்பாற்றுவதற்காக வங்கியில் தனியாகப் போட்டு வைக்கும் பணம்தானே? 'வாராக்கடன் காப்பு நிதி' என்று போடுங்கள். 'நிதி' என்று வந்துவிட்டாலே சங்கத்திடம்தான் பணம் இருக்கிறது என்று புரிந்துவிடும். வேலை முடிந்தது.

சலீம் எழுதியது:

பட்ஜெட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறீர்கள் என்றால், தமிழ்நாட்டில் 'நிதிநிலை அறிக்கை' என்கிறோம், இலங்கையில் 'பாதீடு' என்கிறார்கள். எனக்குப் பாதீடுதான் பிடிக்கும். பகுத்து இடுவது, சின்னச் சொல். எங்கள் பால் சங்கத்தில் இன்றும் 'பட்ஜெட்' என்றுதான் வாசிக்கிறார்கள். அங்கே தகராறு எப்போதும் மாட்டுத் தீவனக் கணக்கில்தான், வாராக்கடன் கிடையாது. பால் பணத்திலேயே பிடித்துக்கொண்டுவிடுவார்கள்.

இராமநாதன் எழுதியது:

சலீம் தம்பி, கேள்வி பட்ஜெட்டைப் பற்றியது அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு வரியைப் பற்றியது. ஆனாலும் கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். முகிலன் சொல்வதில் பாதி சரி, பணம் சங்கத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆனால் காப்பு நிதி வேறு, இது வேறு. காப்பு நிதி லாபம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு அந்த லாபத்திலிருந்து எடுப்பது. இது லாபத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே கழிப்பது. அப்புறம், இதற்காக எந்த வங்கியிலும் தனியாகப் பணம் போடுவதில்லை. ஏட்டில் எழுதுவது, அவ்வளவே. 'நிதி' என்று போட்டால் அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து "அந்த நிதி எந்த பாங்கில் கிடக்கிறது, பாஸ்புக்கைக் காட்டு" என்பார். எனக்கே அந்த அனுபவம் உண்டு.

செல்வி, உங்கள் தாளில் உள்ள ஒன்றரை லட்சம் எப்படி வந்தது என்று எழுதுங்களேன். சொல் அங்கிருந்துதான் கிடைக்கும்.

செல்வி எழுதியது:

சரி ஐயா. போன வருடக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், கையில் பிடிக்கத் தோதாக முழு எண்களாக்கி.

தவணை தவறி நின்ற கடன் 14 லட்சம். ஒவ்வொரு பேரேட்டையும் புரட்டிப் பார்த்ததில் 9 லட்சம் தாமதமானாலும் வந்துவிடும். மீதி 5 லட்சம் வருவது சந்தேகம். கடன் வாங்கியவர் இறந்துபோயிருப்பார், ஜாமீன் போட்டவர் ஊரை விட்டுப் போயிருப்பார், அந்த மாதிரி. இந்த 5 லட்சத்தில் மூன்றரை லட்சத்துக்கு முந்தைய ஆண்டுகளிலேயே எழுதியாயிற்று. குறைவது ஒன்றரை லட்சம், அதுதான் அந்த வரி.

ஆண்டு வருமானம் 22 லட்சம், செலவு 17 லட்சம் என்று மதிப்பிட்டிருந்தோம். மிச்சம் 5 லட்சம். அதை அப்படியே லாபம் என்று சொல்லிப் பங்கு ஈவு கொடுத்துவிட்டால், வட்டி வரவு என்று நாம் எழுதியதில் ஒரு பகுதி வராத ஆளிடம் இருக்கும். அதனால் ஒன்றரையைக் கழித்து, மூன்றரை லட்சம்தான் லாபம் என்று காட்டினோம்.

பேரவையில் இதைச் சொல்லியிருந்தால் பெரியவர் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தாளில் இருந்தது ஒரே ஒரு சொல், அதுவும் தப்பான சொல்.

தர்சினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களிடம் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. கணக்கியலில் நாங்கள் 'ஐயக்கடன் ஏற்பாடு' என்றுதான் படித்தோம். லாபத்திலிருந்து எடுப்பதை 'ஒதுக்கம்' என்போம். இரண்டும் வேறு வேறு சொல், குழப்பம் இல்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளிலும் இதையே பார்த்திருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், கூட்டத்தில் 'ஏற்பாடு' என்று வாசிக்கும்போது என்ர மாமி "சாப்பாட்டு ஏற்பாடோ?" என்று கேட்டவ. படித்தவர்களுக்குச் சொல் சரி, அங்கே வந்திருப்பவர்களுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

இராமநாதன் எழுதியது:

தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப் பாடநூலிலும் 'ஒதுக்கு' என்று ஒரு சொல் உண்டு, 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'. ஒதுக்கீட்டிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அப்படி வைத்தார்கள் போலும். ஏட்டில் பிரிகிறது, காதில் பிரியவில்லை. 'ஒதுக்கு' என்று வாசித்தால் யாரையோ ஒதுக்கி வைக்கச் சொல்வதுபோல இருக்கும்.

முகிலன் எழுதியது:

அப்படியானால் 'முன்கழிவு'. லாபத்துக்கு முன்னால் கழிப்பது. இராமநாதன் ஐயா சொன்ன பொருள் அப்படியே இருக்கிறது. காப்பு நிதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :)

செல்வி எழுதியது:

முன்கழிவு எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கழிவு என்றதும் எங்கள் ஊரில் இரண்டு நினைவு வரும். ஒன்று சாக்கடை. இன்னொன்று 'கடனில் கழித்துவிட்டார்கள்'. இரண்டாவதுதான் ஆபத்து. 2021இல் அரசு ரூ. 12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த பிறகு, சங்கத்துக்காரர் வாயிலிருந்து 'கழிவு', 'நீக்கம்', 'தள்ளுபடி' எது வந்தாலும் மக்கள் காது அங்கேதான் போகிறது. 'வாராக்கடன் முன்கழிவு ஒன்றரை லட்சம்' என்று வாசித்தால் "யார் யாருக்குக் கழிச்சீங்க, பேரைச் சொல்லு" என்று கேட்பார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர்களில் நாலு பேர் அடுத்த தவணையை நிறுத்திப் பார்ப்பார்கள்.

கடன் அப்படியே நிற்கிறது. வாங்கியவர் பேரேட்டில் ஒரு ரூபாய் குறையவில்லை. கூட்டுறவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் போட்ட வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதுவும் சொல்லில் தெரிய வேண்டும்.

இராமநாதன் எழுதியது:

இப்போது சலீம் சொன்னதற்கு வருகிறேன். 'பால் பணத்திலேயே பிடித்துக்கொண்டுவிடுவார்கள்' என்றாரே, அந்தப் பிடித்தம் எல்லா உறுப்பினருக்கும் தெரிந்த சொல். கடன் கொடுக்கும்போது பங்குத்தொகை பிடிக்கிறோம், ரசீதிலும் அப்படித்தான் எழுதுகிறோம். பிடித்தது என்றால் கொடுக்காமல் கையில் நிறுத்தியது. தேவையில்லை என்றால் திரும்பி வரக்கூடியது. இங்கே சங்கம் தன் லாபத்தில் பிடித்து வைக்கிறது. 'வாராக்கடன் பிடித்தம்' என்றால் என்ன?

சலீம் எழுதியது:

நான் ஏதோ சொல்லப்போக, இங்கே வந்து நிற்கிறது! ஆனால் ஐயா, பால் சங்கத்தில் 'பிடித்தம்' என்று சொன்னாலே சண்டை. என் பணத்தில் பிடித்தாய் என்றுதான் கேட்பார்கள். சங்கத்தின் லாபத்தில் பிடித்தது என்று யாருக்கும் தோன்றாது.

செல்வி எழுதியது:

நேற்று ஒரு காரியம் செய்தேன். அந்தப் பெரியவர் உரம் வாங்க வந்திருந்தார். தாளின் வரைவை நீட்டி, 'வாராக்கடன் பிடித்தம் ரூ. 1,50,000' என்ற வரியைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

"கட்டாதவன்கிட்ட ஒண்ணரை லட்சம் பிடிச்சிட்டீங்களா? பரவாயில்லையே."

போன வருடம் கொடுத்தோம் என்று நினைத்தவர், இந்த வருடம் வசூலித்துவிட்டோம் என்று நினைக்கிறார். சலீம் அண்ணன் சொன்னது சரி, யாரிடம் பிடித்தது என்பது சொல்லில் இல்லை.

பிறகு வரியை மாற்றி எழுதிக் காட்டினேன்: 'கடன் வராமல் போனால் ஈடுகட்ட, லாபத்தில் பிடித்து வைத்தது'. கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எங்க ஈவுத்தொகைதான் குறையுது" என்றார். ஆமாம் என்றேன். "அது சரி, அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று உர ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபம்தான், ஆனால் இப்போது சரியான இடத்தில் கோபம்.

முகிலன் எழுதியது:

அது கலைச்சொல் இல்லை, வாக்கியம். 'லாபப்பிடிப்பு' என்று சுருக்கலாமா? அகராதியில் ஏற்ற வேண்டுமென்றால் ஒற்றைச் சொல்லாக இருந்தால்தான் உதவும்.

இராமநாதன் எழுதியது:

அகராதிக்கு வேண்டுமானால் ஏற்றுங்கள். எனக்கு 'லாபப்பிடிப்பு' கேட்க லாபத்தின் மேல் பிடிப்பு வைத்தவனைப் போல இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் தலைப்பை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை செல்வி, அங்கே பழைய பெயரிலேயே இருக்கட்டும். உறுப்பினருக்குக் கொடுக்கும் தாளில் நீளமான வரியைப் போடுங்கள், பக்கத்தில் தணிக்கையில் உள்ள பெயரையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற யாராவது ஒன்றரை லட்சத்தைக் காணோம் என்பார்.

இன்னொன்று. அந்த வரியை செலவுகளின் நடுவே போடாதீர்கள். 22இலிருந்து 17ஐக் கழித்து 5 என்று காட்டிய பிறகு, தனியாக அதன் கீழே போட்டு மூன்றரை என்று முடியுங்கள். போன வருடம் அச்சுச் செலவுக்கும் பயணப்படிக்கும் நடுவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதிக் குழப்பம் சொல்லால் வந்ததில்லை, இடத்தால் வந்தது.

செல்வி எழுதியது:

பயணப்படிக்கு அடுத்துதான் இருந்தது ஐயா. மாற்றிவிட்டேன்.

தர்சினி எழுதியது:

ஒரு கேள்வி மட்டும். அந்த 5 லட்சத்துக்குள் இருக்கும் ஒருவர் திடீரென்று வந்து தன் 40,000த்தையும் கட்டிவிட்டால், அதன் பிறகு 4,60,000த்துக்குத்தான் பிடித்து வைக்க வேண்டும். மிஞ்சும் 40,000 லாபத்துக்குத் திரும்பும். எங்கள் கணக்கில் 'மேலதிக ஏற்பாடு' என்று எழுதுவோம், அதுவும் மாமிக்கு விளங்காது. உங்கள் தாளில் அந்த வரிக்கு என்ன பெயர் போடுவீர்கள்?

செல்வி எழுதியது:

இந்த வருடம் அப்படி ஒருவர் உண்மையிலேயே வந்திருக்கிறார், தொகை வேறு. 'பிடித்ததில் விடுவித்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர் வெள்ளிக்கிழமை மறுபடி வருவார், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.