டிகாக்ஸின் லெவல் 2.6 வந்திருக்கு, மாத்திரையை நிறுத்தணுமா?

மலர்_ஸ்டாஃப்நர்ஸ்:
மெடிக்கல் வார்டில் 71 வயசு அம்மா, எடை 46 கிலோ. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் ஹார்ட் ஃபெயிலியரும் இருக்கு. நாலு மாசமா டிகாக்ஸின் 0.25 மி.கி., வாரத்தில் 5 நாள், சனி ஞாயிறு கிடையாது. கூட ஃபுரோசமைடு. கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 3.4.

இன்னைக்கு வியாழக்கிழமை. காலை 8 மணிக்கு மாத்திரை கொடுத்தோம். 9:30-க்கு மத்த ரத்தத்தோட சேர்த்து லெவலுக்கும் எடுத்துட்டாங்க. ரிப்போர்ட் 2.6 நானோகிராம்/மி.லி., பக்கத்தில் ‘ஹை’. ஆனா அம்மா நல்லா சாப்பிடறாங்க, வாந்தி இல்லை, நாடி 76. டூட்டி டாக்டர் நாளைக்கு மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இந்த நம்பரை எப்படி எடுத்துக்கறது?

டாக்டர்_மதுரை:
2-க்கு மேல போனா டாக்ஸிசிட்டிதான். நிறுத்துங்க. இப்பவே ஈசிஜி எடுங்க, பொட்டாசியத்தை 4-க்கு மேல கொண்டு வாங்க.

கிளினிக்கல்பார்மா_கோவை:
ஈசிஜியும் பொட்டாசியமும் சரி, உடனே பண்ணுங்க. பொட்டாசியம் குறைஞ்சா அதே லெவலிலேயே மருந்து இதயத்தில் இன்னும் பலமா பிடிக்கும். ஏத்தும்போது மட்டும் இந்த கிரியாட்டினினை மனசுல வச்சு, திரும்பத் திரும்ப பார்த்துக்கிட்டே ஏத்துங்க.

ஆனா 2.6-ஐ வச்சு டாக்ஸிசிட்டின்னு சொல்ல முடியாது டாக்டர். மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த ரத்தம் இது. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் நிறைய நிக்கும், இதயத் தசைக்குள்ள இன்னும் இறங்கியிருக்காது. குறைஞ்சது 6 மணி நேரம் போனாத்தான் ரத்தத்தில் இருக்கிற அளவுக்கும் தசையில் இருக்கிறதுக்கும் ஒரு தொடர்பு வரும். எல்லாத்தையும் விட நல்லது, அடுத்த மாத்திரைக்கு முன்னாடி எடுக்கறது.

நாளைக்குக் காலை 8 மணிக்கு, மாத்திரை கொடுக்காம ரத்தம் எடுங்க. கடைசி மாத்திரை எத்தனை மணிக்குன்னு லேப் ஃபாரத்தில் எழுதுங்க. ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு பண்ணலாம்.

ஈசிஜியில் வென்ட்ரிக்குலர் எக்டோபிக் இருக்கான்னு பாருங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறவங்களுக்கு நாடி திடீர்னு ஒரே சீரா, மெதுவா ஓட ஆரம்பிச்சா குணமாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. டிகாக்ஸின் அதிகமானாலும் அப்படி வரும்.

செல்வம்_77:
எங்க அப்பாவும் இந்த மாத்திரைதான் சாப்பிடறார். போன வாரம் 1.6 வந்தது, நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா ஒரு வாரமா சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுதுங்கிறார், விளக்கெல்லாம் மஞ்சளா தெரியுதாம். லெவல் நார்மல்னா இது வேற ஏதோ வயித்துக் கோளாறுதானே?

கிளினிக்கல்பார்மா_கோவை:
செல்வம் சார், அப்படி விட்டுடாதீங்க. குமட்டலும் மஞ்சளாத் தெரியறதும் சேர்ந்து வந்தா, லெவல் நார்மலா இருந்தாலும் டிகாக்ஸினைத்தான் முதல்ல சந்தேகப்படணும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அடுத்த மாத்திரையைக் கொடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. ஈசிஜி, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கணும். சமீபத்தில் அமியோடரோன், வெராபமில், கிளாரித்ரோமைசின் ஏதாவது புதுசா சேர்த்தாங்களான்னு சீட்டையும் கொண்டு போய்க் காட்டுங்க. இந்த மூணுமே டிகாக்ஸின் லெவலை ஏத்தும்.

மலர்_ஸ்டாஃப்நர்ஸ்:
வெள்ளிக்கிழமை காலை மாத்திரைக்கு முன்னாடி எடுத்தது 1.2. ஈசிஜியில் எக்டோபிக் இல்லை, பொட்டாசியம் 4.1. இப்போ டோஸ் குறைக்கணுமா?

கிளினிக்கல்பார்மா_கோவை:
நான் குறைக்கச் சொல்லுவேன். பழைய வரம்பு 0.8-ல இருந்து 2 வரை. ஹார்ட் ஃபெயிலியருக்கு இப்போ 0.5-ல இருந்து 0.9-க்குள்ள வைக்கப் பார்க்கிறோம். இவங்க கிரியாட்டினின் 1.3 பார்க்க சாதாரணமாத் தெரியும், ஆனா வயசையும் எடையையும் போட்டுப் பாருங்க:

```
(140 − 71) × 46 × 0.85 ÷ (72 × 1.3) ≈ 29 mL/min
```

கிட்னி இவ்வளவுதான் வேலை செய்யுது, மருந்து மெதுவாத்தான் வெளிய போகும். வாரம் 1.25 மி.கி. போகுது. தினமும் 0.125 ஆக்கினா 0.875, அதாவது 70 சதவீதம். டோஸ் குறையற அதே விகிதத்தில் லெவலும் குறையும். 0.8 பக்கம் வரும்.

டாக்டர்_மதுரை:
நேரக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா வெள்ளிக்கிழமைங்கிறது தொடர்ந்து நாலு நாள் மாத்திரை போட்ட பிறகு எடுத்தது. திங்கள் காலை எடுத்திருந்தா இதே அம்மாவுக்கு 0.8-தான் இருந்திருக்கும். 76 நாடியில் நிம்மதியா இருக்கிறவங்க டோஸை ஏன் தொடணும்?

கிளினிக்கல்பார்மா_கோவை:
அந்த ஏத்த இறக்கம்தான் எனக்குப் பிடிக்கலை. திங்கள் எடுத்தா குறைவு, சனி எடுத்தா அதிகம், எதை நம்பறது? தினமும் ஒரே அளவு போனா என்னைக்கு எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

டாக்டர்_மதுரை:
வாரம் 5 நாள் கொடுத்து எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. தினமும் அரை மாத்திரையை உடைச்சு ஒழுங்கா சாப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம்? இதில் எனக்கு உடன்பாடில்லை.

மலர்_ஸ்டாஃப்நர்ஸ்:
எங்க டாக்டர் திங்கள்ல இருந்து தினமும் 0.125 எழுதிட்டாங்க. மறுபடி எப்போ எடுக்கணும்? ஒரு வாரம் போதுமா?

கிளினிக்கல்பார்மா_கோவை:
கிட்னி நல்லா இருந்தா ஒரு வாரம் போதும். இவங்களுக்கு ரெண்டு வாரமாவது விடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா பழைய டோஸின் மிச்சமும் கலந்து வரும். நடுவில் குமட்டல் வந்தாலோ, யூரின் குறைஞ்சாலோ காத்திருக்க வேண்டாம். மாத்திரையை ராத்திரி 8 மணிக்கு மாத்திக் கேட்டுப் பாருங்க. அப்புறம் காலை ரவுண்டு ரத்தத்தோட எடுத்தாலும் 12 மணி நேரம் ஆகியிருக்கும்.