படத்திலிருந்து எடுத்த கிரேடு அட்டவணை: VLOOKUP தப்பான கிரேடு தருகிறது, அவசரம்

வெண்பலகை
கிரேடு எல்லைகள் கொண்ட அட்டவணையைப் படமாக அனுப்பியிருந்தார்கள். அதை எக்செலுக்குள் கொண்டுவந்து, மதிப்பெண்ணுக்கு எதிரே கிரேடு தானாக விழும்படி ஃபார்முலா போட்டேன். பலருக்கு F வருகிறது, சிலருக்குப் பிழை வருகிறது. நன்றாக எழுதியவர்களுக்குக்கூட F. இன்று மாலைக்குள் பட்டியலைக் கொடுக்க வேண்டும். யாராவது உதவுங்கள்.

மூத்த கட்டம்
எந்த ஃபார்முலா, எந்தப் பதிப்பு, அட்டவணை எந்த வரிசையில் இருக்கிறது, என்ன பிழை? நான்கையும் சொல்லாமல் உதவி கேட்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இழைகளின் தலையில் ஒட்டிவைத்திருக்கும் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை.

இடைவேளை
எனக்கும் இதேதான் நடந்தது! என் தாளில் மதிப்பெண்கள் சதவீதமாக இருந்தன. திரையில் 87% என்று தெரியும், உள்ளே இருப்பது 0.87. அதனால் வகுப்பு முழுவதும் F. நூறால் பெருக்கியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

வெண்பலகை
சதவீதம் இல்லை, 100-க்கு எடுத்த சாதாரண மதிப்பெண்தான். எக்செல் 2016. மதிப்பெண் C நெடுவரிசையில். F-இல் ஒவ்வொரு கிரேடின் தொடக்க எண், G-இல் கிரேடு. படத்தில் இருந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்: 90 A+, 80 A, 70 B+, 60 B, 50 C, 40 D, 0 F. ஃபார்முலா இது:

```
=VLOOKUP(C2,$F$2:$G$8,2)
```

பச்சை மை
நான்காவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டீர்கள். அங்கே FALSE போடுங்கள். அது இல்லாததால்தான் எக்செல் குத்துமதிப்பாக எதையோ எடுத்துத் தருகிறது.

ஓரக்குறிப்பு
பச்சை மை, காலியாக விட்ட இடத்தைக் கவனித்தது சரி, மருந்துதான் தவறு. FALSE போட்டால் அட்டவணையில் அப்படியே இருக்கும் எண்ணை மட்டும்தான் தேடும். சரியாக 80 எடுத்தவருக்கு கிரேடு கிடைக்கும், 83 எடுத்தவருக்கு #N/A. எல்லைகளை வைத்துத் தேடும்போது TRUE தான் வேண்டும். காலியாக விட்டாலும் எக்செல் அதை TRUE என்றே எடுத்துக்கொள்கிறது.

வெண்பலகை, ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். 60-க்கு மேல் எடுத்த எல்லோருக்கும் F, 60-க்குக் கீழே எல்லோருக்கும் #N/A. அப்படித்தானே?

வெண்பலகை
ஆமாம்! அச்சு அசலாக அப்படியேதான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஓரக்குறிப்பு
TRUE இருக்கும்போது VLOOKUP மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருவதில்லை. அட்டவணை சிறியதிலிருந்து பெரியதாக ஏறிப்போகிறது என்று நம்பி, முதலில் நடுவில் உள்ள எண்ணைப் பார்க்கிறது. உங்கள் ஏழு வரிகளில் நடுவில் இருப்பது 60. ஒருவர் 85 எடுத்திருந்தால், இன்னும் பெரிய எண்கள் கீழேதான் இருக்கும் என்று கீழ்ப்பாதிக்குப் போகிறது. அங்கே 50, 40, 0 எல்லாமே 85-ஐவிடச் சிறியவை. ஆகவே கடைசி வரி வரை இறங்கி, F-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. 45 எடுத்தவருக்கு மேல்பாதியில் தேடுகிறது. அங்கே 45-க்குச் சமமாகவோ சிறியதாகவோ எதுவும் இல்லை, அதனால் #N/A.

படங்களில் A+ மேலே இருப்பதுதான் வழக்கம், ஆகையால் இந்தப் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். F, G இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, F-இன்படி ஏறுவரிசையில் அடுக்குங்கள். 0 மேலே வர வேண்டும், 90 கீழே. ஃபார்முலாவைத் தொடவே வேண்டாம்.

மூத்த கட்டம்
XLOOKUP போட்டால் வரிசையைப் பற்றிய கவலையே இல்லை. ஐந்தாவது இடத்தில் -1 கொடுத்தால், சரியான எண் இல்லாதபோது அதற்கு அடுத்த சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளும். இன்னும் VLOOKUP-ஐக் கட்டிக்கொண்டு அழுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பச்சை மை
2016-இல் XLOOKUP கிடையாது ஐயா. போட்டால் #NAME? தான் வரும். பதிப்பைக் கேட்டதே நீங்கள்தான்.

வெண்பலகை
அடுக்கிவிட்டேன், கிரேடுகள் வருகின்றன, மிக்க நன்றி. ஆனால் ஒருவருக்குக்கூட A வரவில்லை. 84 எடுத்தவருக்கு B+ காட்டுகிறது. 92-க்கு A+ சரியாக வருகிறது.

ஓரக்குறிப்பு
எண்களைக் கையால் தட்டினீர்களா, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியில் எடுத்து ஒட்டினீர்களா? அடுக்கிய பிறகு 80 எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

வெண்பலகை
செயலியில் எடுத்து ஒட்டினேன். 80 எல்லாவற்றுக்கும் கீழே, 90-க்கும் அடியில் இருக்கிறது!

ஓரக்குறிப்பு
அப்படியானால் அது எண்ணே இல்லை, எழுத்து. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில O இருக்கலாம், முன்னால் ஒரு மேற்கோள்குறி ஒட்டியிருக்கலாம். ஏறுவரிசையில் அடுக்கும்போது எக்செல் எண்களை முதலிலும் எழுத்துகளைப் பின்னாலும் வைக்கும். மதிப்பெண்ணைத் தேடும்போது அந்த வரியைக் கணக்கிலேயே சேர்க்காது. அதனால்தான் 80-களில் இருப்பவர்கள் எல்லோரும் 70-க்கான கிரேடுக்குச் சரிந்துவிட்டார்கள். ஏதாவது ஒரு காலிச் செல்லில் இதைப் போடுங்கள்:

```
=COUNT(F2:F8)
```

7 வர வேண்டும். 6 வந்தால் ஒரு வரி எழுத்தாக இருக்கிறது. அந்தச் செல்லை அழித்துவிட்டு 80 என்று கையால் தட்டுங்கள், மீண்டும் ஒருமுறை அடுக்குங்கள்.

இடைவேளை
தேர்வுக்கு வராதவர்களின் செல் காலியாக இருந்தால் அதை 0 என்று எடுத்துக்கொண்டு F போட்டுவிடும். என் தாளில் அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

ஓரக்குறிப்பு
இது நல்ல எச்சரிக்கை. காலிச் செல்லுக்கு கிரேடும் காலியாகவே இருக்க இப்படிப் போடலாம்:

```
=IF(ISNUMBER(C2),VLOOKUP(C2,$F$2:$G$8,2,TRUE),"")
```

பச்சை மை
இன்னொன்று கேட்கிறேன். படத்தில் 80–89, 90–100 என்றுதானே இருந்திருக்கும்? 89.5 எடுத்தவருக்கு என்ன கிரேடு? முழு எண்ணாக்கிவிட்டுத் தேடுவதுதான் நியாயம். ROUND(C2,0) சேருங்கள்.

மூத்த கட்டம்
நியாயமா? எல்லை 90 என்றால் 90. அரை மதிப்பெண்ணைத் தானமாகக் கொடுப்பது ஃபார்முலாவின் வேலை இல்லை. ROUND இல்லாமல் விட்டால் 89.5-க்கு A, அதுதான் சரி.

பச்சை மை
மாணவர் கையில் போகும் தாளில் 90 என்று அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் A என்று இருந்தால் பதில் சொல்வது யார்? தசமம் காட்டாமல் செல்லை அமைத்துவிட்டால் 89.6-உம் 90 என்றுதான் தெரியும்.

மூத்த கட்டம்
தசமத்தைக் காட்டுங்கள். மறைத்துவிட்டு ஃபார்முலாவைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

ஓரக்குறிப்பு
இரண்டு பேரும் விதியை ஊகித்துக்கொண்டிருக்கிறீர்கள். முழு எண்ணாக்குவது அட்டவணையை வெளியிட்டவர் முடிவுசெய்ய வேண்டியது. தாள் தாளாக முழு எண்ணாக்கிவிட்டுக் கூட்டுவதா, கூட்டிய பிறகு ஒரே முறை ஆக்குவதா என்பதிலேயே கிரேடு மாறிவிடும். வெண்பலகை, படத்தின் அடியில் சிறு எழுத்தில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா?

வெண்பலகை
6 தான் வந்தது. 80-ஐத் தட்டியதும் A வந்துவிட்டது. அடிக்குறிப்பு இருந்திருக்கலாம், எனக்கு வந்த படம் F வரியோடு வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கு 89.5 இருக்கிறது. கேட்டுவிட்டு வருகிறேன்.

பச்சை மை
கேட்டுவிட்டீர்களா?

மூத்த கட்டம்
வரமாட்டார். மாலை ஆகிவிட்டது.